ஆறாம் தேதி, புதன்கிழமை, நாலு மணி

அந்தச் சலவை நிலையத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. முதலாளி மட்டும் மரியாதையாகக் கணக்கம்மா என்பார். துணி பிரிக்கிறவர்களிலிருந்து வண்டி ஓட்டுகிறவர் வரை மற்ற எல்லாருக்கும் அவள் தேதியம்மா. பின்னால் பேசும்போது மட்டுமல்ல, முகத்துக்கு நேராகவே அப்படித்தான். "தேதியம்மா, சீருடை எப்ப வரும்?" என்று கேட்டால், "வரும், வரும்" என்று சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை அவள். இரண்டு நிமிடம் நிற்க வைப்பாள். தையல்காரருக்குப் போன் போடுவாள். பிறகு, "பதினேழாம் தேதி, மத்தியானத்துக்கு மேல" என்பாள். பதினேழாம் தேதி மத்தியானத்துக்கு மேல் சீருடை வந்து நிற்கும். பத்தொன்பது வருடமாக இதுதான் வழக்கம்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருந்தது. இருபத்திரண்டு வயதில் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தாள். அங்கே முதல் மாதம் சம்பளம் வந்தது. இரண்டாம் மாதம், "இதோ அடுத்த வாரம்" என்றார்கள். அந்த அடுத்த வாரம் நான்கு மாதம் நீண்டது. தினமும் சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா கேட்பாள், "இன்னைக்கு வந்துச்சாடி?" அம்மா திட்டவில்லை, குத்திக் காட்டவில்லை, கேட்கத்தான் செய்தாள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்து அவள் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருவாள். ஒரு நாள் கம்பெனிக் கதவில் பூட்டுத் தொங்கியது, அத்தோடு போயிற்று நான்கு மாத உழைப்பு. போன பணத்தைக்கூட அவள் மறந்துவிட்டாள், அந்தக் கேள்வியை மறக்கவில்லை.

அதனால்தான், அந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில், பெரிய ஆஸ்பத்திரியின் பில் அப்படியே திரும்பி வந்து மேஜையில் விழுந்தபோது, அவள் கண் முதலில் காலண்டரில் ஒன்றாம் தேதிக்குத்தான் போனது.

ஆஸ்பத்திரி வேலைதான் அந்த நிலையத்துக்குச் சோறு போடுகிறது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவை அரங்கின் பச்சைத் துணி என்று தினமும் வண்டி நிறைய வரும். துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடித்து, எடை போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். கூலி கிலோ கணக்கில்தான், அதுவும் சுத்தமாகி உலர்ந்த துணியின் எடைக்குத்தான். ஒப்பந்தத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது.

அந்த மாதம் வெளியே போகிற துணியை எடை போடும் தராசு பழுதாகிவிட்டது. ரிப்பேருக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் வரவில்லை. எடைச்சீட்டு எழுதுகிற தராசுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிற மனிதர் இல்லை. உள்ளே வரும்போது அழுக்குத் துணிக்கு என்ன எடையோ, அதையே வெளியே போகும் சீட்டிலும் எழுதிவிட்டார். கூப்பிட்டுக் கேட்டபோது அவர் முகத்தில் துளி கள்ளம் இல்லை.

"வந்த துணிதானேம்மா திரும்பிப் போகுது? ஒரு விரிப்புகூடக் குறையலையே. எடை மட்டும் எங்க போயிடும்?"

"தண்ணி எங்கண்ணே போச்சு?" என்றாள் அவள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற மூட்டைகள் பாதி ஈரத்தோடுதான் வரும் என்பது அவருக்குத் தெரியாததா? அந்த ஈரத்தைத் தினமும் தோளில் சுமந்தவர் அவர். தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் செவ்வாய்க்கிழமை தோறும்தான் பில்லுக்குப் பணம் போடுவார்கள். இந்தச் செவ்வாய் கைவிட்டுப் போய்விட்டது. பன்னிரண்டு நாள் சீட்டையும் திருத்தி, வார்டு வார்டாகப் போய் மறுபடி கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் அடுத்த செவ்வாய், அதாவது ஐந்தாம் தேதி. சம்பள நாளோ ஒன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. கையிருப்பைப் பார்க்கலாம் என்றால், போன வாரம்தான் பெரிய துவைக்கும் இயந்திரத்துக்கு மோட்டார் மாற்றி அதைத் துடைத்து வழித்திருந்தார்கள். முப்பத்தாறு பேருக்குச் சம்பளம். வங்கியில் இருந்ததை வைத்துப் பத்துப் பேருக்குக்கூடக் கொடுக்க முடியாது.

முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால் கெட்ட சேதி சொல்ல வேண்டும் என்றால் காய்ச்சல் வந்துவிடும் அவருக்கு. புதன்கிழமை காலை, அவள் அறைக்குள் போனதும் கைப்பேசியை நீட்டினார்.

"குரூப்ல போட ஒரு மெசேஜ் எழுதியிருக்கேன், பாருங்க. சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்குப் போனப்புறம் போட்டுடலாம்."

அவள் படித்தாள். 'தவிர்க்க முடியாத சில காரணங்களால் இம்மாதச் சம்பளம் சற்றுத் தாமதமாகும். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.'

"சார், இதுல எந்த வார்த்தையை வச்சு ஒருத்தர் வீட்டுக்காரர்கிட்ட வாடகைக்குத் தவணை கேப்பாரு?"

முதலாளி தலையைச் சொறிந்தார். "அஞ்சாம் தேதி பணம் வந்துடும். அஞ்சாம் தேதின்னு போட்டுடவா?"

"வேணாம் சார். அது ஆஸ்பத்திரி சொன்ன தேதி, நம்ம தேதி இல்ல. அவங்க போடலைன்னா நாம என்ன பண்ணுவோம்?"

இந்த இடத்தில்தான் தேதியம்மா தேதியம்மாவாகிறாள். பணம் வரும் நாளைச் சொல்லிவிடுவதில் ஒரு சாமர்த்தியமும் இல்லை, அதை யாரும் செய்வார்கள். வராவிட்டாலும் கொடுக்க முடிகிற நாள் எது என்று அவள் பார்ப்பாள். முதலாளிக்கு வங்கியில் ஒரு வைப்புத்தொகை இருந்தது. புது வண்டி வாங்கவென்று நான்கு வருடமாகச் சேர்த்தது. அந்த வண்டியின் படத்தைக்கூட நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். அதை அடகாக வைத்துக் கடன் எடுக்க வசதி கேட்டால், திங்கட்கிழமைக்குள் வங்கி ஏற்பாடு செய்துவிடும். பணம் எடுத்த நாளைக்கு மட்டும்தான் வட்டி. ஆஸ்பத்திரி நேரத்துக்குப் போட்டுவிட்டால் அதைத் தொடவே வேண்டாம்.

முதலாளி திரும்பி வண்டியின் படத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். அவள் நீட்டிய வங்கி மனுவில் கையெழுத்துப் போட்டார்.

"அப்ப ஆறாம் தேதி, புதன்கிழமை, சாயங்காலம் நாலு மணி," என்றாள் அவள். "சட்டம் சொல்ற கெடுவுக்கும் உள்ளதான் சார் இருக்கு. இதை நானே நேர்ல சொல்றேன். இன்னைக்கே. வெள்ளிக்கிழமை தெரிஞ்சா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. இன்னைக்குத் தெரிஞ்சா ரெண்டு நாள் இருக்கு."

காலை ஷிப்டு முடிந்து மத்தியான ஷிப்டு ஆரம்பிக்கிற நேரம் இஸ்திரிக் கூடத்தில் இரண்டு கூட்டமும் கலந்து நிற்கும். அவள் அந்த நேரத்தைத்தான் பிடித்தாள். பெரிய உருளை இஸ்திரியை நிறுத்தச் சொன்னாள். அது நின்றதுமே எல்லாருக்கும் ஏதோ விஷயம் என்று மூக்கு வியர்த்துவிட்டது. முதலாளியும் வந்து கதவோரம் நின்றார், ஈரமே இல்லாத கையைத் துடைத்துக்கொண்டே.

"ஒண்ணாம் தேதி சம்பளம் வராது," என்று ஆரம்பித்தாள். முன்னுரை கின்னுரை எதுவும் இல்லை. "ஆறாம் தேதி, புதன்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்குள்ள முழுச் சம்பளமும் எல்லார் கணக்குலயும் வந்துடும். பாதி இல்ல, முழுசு. ஆஸ்பத்திரி பில்லுல எடை தப்பாப் போயிடுச்சு, பில்லு திரும்பி வந்துடுச்சு. அதான் காரணம்."

கூடத்தின் மூலையில் தராசுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது சிவந்திருந்தது. இஸ்திரிப் பிரிவின் மூத்தவள், எல்லாரும் பெரியக்கா என்று கூப்பிடுகிறவள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எடையைத் தப்பா எழுதினது யாரு?"

"பன்னெண்டு சீட்டுலயும் கையெழுத்துப் போட்டது நான்தான் அக்கா. பாக்காம போட்டேன். தப்பு என்னுது."

பொய் இல்லை. கையெழுத்து அவளுடையதுதான். தராசுக்காரர் நிமிர்ந்து பார்த்தார், ஏதோ சொல்ல வந்தார், அவள் அவர் பக்கமே திரும்பவில்லை.

"அந்த அஞ்சு நாளைக்கு நாங்க என்ன பண்றது?" பாய்லர் ஓட்டுகிறவர் குரல் கொடுத்தார். "எனக்கு மூணாம் தேதி கடன் தவணை. வங்கிக்காரன் அவனாவே எடுத்துக்குவான். கணக்குல பணம் இல்லைன்னா தண்டம் போடுவான். உங்க தேதி அவனுக்குத் தெரியுமா?"

நியாயமான கேள்வி. கோபத்தோடு வந்ததால் அதன் நியாயம் குறைந்துவிடவில்லை.

"தெரியாது. அதனாலதான் கேக்க வந்தேன். ஆறாம் தேதிக்குள்ள வங்கித் தவணை யார் யாருக்கு இருக்கு? கையைத் தூக்குங்க."

ஏழு கைகள் எழுந்தன. இருக்கிற கையிருப்பில் அந்த ஏழு பேருக்கும் தவணை அளவுக்கு முன்பணம், நாளைக்கே, சீட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம், ஆறாம் தேதி சம்பளத்தில் கழித்துக்கொள்ளப்படும் என்றாள். வீட்டுக்காரரிடமோ பள்ளிக்கூடத்திலோ காட்டக் கடிதம் வேண்டும் என்கிறவர்களுக்கு, தேதி போட்டு முத்திரை வைத்துக் கடிதம் தருவதாகவும் சொன்னாள். பிறகு சுவரில் இருந்த பலகையில், துணிக் கணக்கை அழித்துவிட்டுப் பெரிதாக எழுதினாள்: ஆறு, புதன், நாலு மணி.

பெரியக்கா பலகையைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். "சொன்னது தேதியம்மாதானே?" என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு, "அப்ப இஸ்திரியை ஓட விடுங்கடி, விரிப்பெல்லாம் காஞ்சு கெடக்கு" என்றாள். முணுமுணுப்பு இருந்தது. இல்லாமல் இருக்குமா? ஆனால் உருளை சுற்ற ஆரம்பித்துவிட்டது.

அன்று மத்தியானமே தராசுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். பன்னிரண்டு நாள் சீட்டையும் எடுத்துக்கொண்டு மாடிமாடியாக ஏறி இறங்கினார். துணியின் எண்ணிக்கை சீட்டில் இருந்தது, ஒரு விரிப்பின் உலர்ந்த எடை ஒப்பந்தத்திலேயே இருந்தது. அதைப் பெருக்கிச் சரியான எடையைப் போட்டுக் கொடுத்திருந்தாள் தேதியம்மா. வியாழக்கிழமை சாயங்காலம் கடைசிக் கையெழுத்தோடு அவர் திரும்பி வந்தபோது அவருடைய முழங்கால் வீங்கியிருந்தது. சீட்டுக் கட்டை மேஜையில் நேராக அடுக்கி வைத்துவிட்டுப் போனார்.

ஐந்தாம் தேதி செவ்வாய். பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக் கணக்குப் பிரிவுக்குப் போன் போட்டாள். பில் சரியாக இருக்கிறது, எல்லாம் முடிந்துவிட்டது, ஆனால் இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி ஊரில் இல்லை, வியாழக்கிழமை காலையில் வந்ததும் போட்டுவிடுவார், அடுத்த செவ்வாய் வரை வைக்காமல் அன்றைக்கே பணம் போட்டுவிடுவோம் என்றார்கள். அவள் நன்றி சொல்லிப் போனை வைத்தாள். இதற்காகத்தானே திங்கட்கிழமையே வங்கி வசதியை வாங்கி வைத்திருந்தாள்.

முதலாளிக்குத்தான் மனம் ஆடியது.

"கணக்கம்மா, வியாழக்கிழமை உறுதியா வருது. எதுக்கு வண்டிப் பணத்துல கை வைக்கணும்? ஒரே ஒரு நாள்தானே. அஞ்சு நாள் பொறுத்தவங்க, இன்னும் ஒரு நாள் பொறுக்க மாட்டாங்களா? நாளைக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேட்டுக்குவாங்க."

"நான் சொன்னா கேட்டுக்குவாங்க, அது உண்மைதான் சார். அதனாலதான் சொல்ல மாட்டேன்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.

"வேணும்னா நீங்களே போய்ச் சொல்லுங்க," என்றாள் அவள். பத்தொன்பது வருடத்தில் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. "வியாழக்கிழமைன்னு பலகையில நீங்களே எழுதுங்க. அதுக்கப்புறம் இந்த எடத்துல எந்தத் தேதியும் என்னைச் சொல்லச் சொல்லாதீங்க. சீருடைத் தேதிகூட."

முதலாளிக்கும் ரோஷம் வந்துவிட்டது. "சரி, நானே சொல்றேன்" என்று எழுந்தார். ஆனால் இஸ்திரிக் கூடத்துக்குப் போகிறவர் அதற்கு முன்னால் வாசல் கேட்டைத் தாண்டி எதிரே இருந்த மளிகைக்கடைக்குப் போனார். தலைவலி மாத்திரை வாங்கப் போயிருக்கிறார் என்று அவள் ஜன்னல் வழியே பார்த்துப் புரிந்துகொண்டாள். கெட்ட சேதி சொல்வதற்கு முன் வழக்கமாக வருகிற தலைவலி. அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் போலிருந்தது, வரவிடவில்லை. சம்பளப் பட்டியல் திரையில் தயாராக இருந்தது. முதலாளியின் கைப்பேசிக்கு வங்கி அனுப்பும் ரகசிய எண்ணைப் போட்டால் மறுநாள் பணம் போய்விடும். அந்த எண் இல்லாமல் அவளால் ஒன்றும் செய்ய முடியாது. அவள் சொன்ன தேதி முழுக்க முழுக்க இப்போது இன்னொருவர் கையில் இருந்தது.

கடையில் நடந்ததை மளிகைக்காரர் பிறகு அவளிடம் வாய் வலிக்கச் சொன்னார். மாத்திரை கொடுத்துவிட்டுச் சும்மா பேச்சுக்கொடுத்தாராம்.

"என்ன சார், நாளைக்கு உங்க ஆளுங்க எல்லாம் வந்து கடனைத் தீப்பாங்க. சில்லறை மாத்தி வச்சுட்டேன்."

"யாரு சொன்னா நாளைக்குன்னு?"

"யாரு சொல்லணும்? இதோ பாருங்க."

கடனுக்குச் சாமான் வாங்கியவர்கள் கணக்கை எழுதும் நோட்டைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். வழக்கமாகக் கடன் சொல்கிறவர்களுக்கு ஓரத்தில் 'பார்க்கலாம்' என்றோ 'கேட்க வேண்டும்' என்றோ குறித்து வைப்பது அவர் பழக்கம். அந்த வாரம் பதினொரு பெயருக்கு நேரே ஒரே எண்தான் இருந்தது, ஆறு. அதைச் சுற்றி ஒரு வட்டம்.

"இந்தப் பாய்லர்காரருக்கு நான் கடனே குடுக்க மாட்டேன் சார், ஒரு தடவை ஏமாத்திட்டாரு. ஆனா வந்து நின்னு 'ஆறாம் தேதி, தேதியம்மா சொல்லியிருக்கு'ன்னாரு. அரிசி மூட்டையை நானே தூக்கிக் குடுத்தேன். எனக்கு மொத்த வியாபாரி ஏழாம் தேதி கெடு வச்சிருக்கான், நானும் அந்தம்மா தேதியை நம்பித்தான் அவனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

முதலாளி நோட்டைக் கையில் வாங்கி, இரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தாராம். மாத்திரைக்குக் காசு கொடுக்க மறந்தே போய்விட்டாராம். "நான் கேக்கலம்மா," என்றார் மளிகைக்காரர், "அந்த மொகத்தைப் பாத்தா கேக்கத் தோணலை."

திரும்பி வந்த முதலாளி இஸ்திரிக் கூடத்துப் பக்கம் போகவில்லை. நேரே அவள் அறைக்கு வந்தார். கைப்பேசியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நம்பர் வரும்ல, நாளைக்குக் காலையில? என்னை மறக்காம கூப்பிடுங்க" என்றார். வாசல் வரை போய் நின்றார். "என் பேரைச் சொல்லியிருந்தா அந்தாளு ஒரு கிலோ உப்புகூடக் குடுத்திருக்க மாட்டான் கணக்கம்மா."

அதில் வருத்தம் கொஞ்சம் இருந்தது. பெருமை அதைவிட நிறைய இருந்தது. அவள் தலையாட்டினாள்.

வைப்புத்தொகையைக் காட்டி எடுத்த பணம் முப்பத்தைந்து பேருக்குப் போதும், முப்பத்தாறாவது ஆளுக்குப் போதாது. அதைச் செவ்வாய் சாயங்காலம் பட்டியலைக் கடைசியாகக் கூட்டிப் பார்த்தபோதே அவள் கண்டுகொண்டாள். வங்கி கொடுத்த வரம்பு வைப்புத்தொகையைவிடக் கொஞ்சம் குறைவு, மோட்டார்காரருக்கு ஒரு பாக்கி வேறு இருந்தது. யாருக்கும் சொல்லாமல் பட்டியலின் கடைசி வரியை எடுத்துவிட்டு, அதற்கு ஒரு தனித் தாள் போட்டாள்: எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. அது அவளுடைய சம்பளம்.

புதன்கிழமை மத்தியானம் மூன்று மணி பத்து நிமிடம். இஸ்திரிக் கூடத்தில் முதலில் ஒரு கைப்பேசி சிணுங்கியது. பிறகு இன்னொன்று. அப்புறம் வரிசையாக, ஏப்ரன் பைகளிலும் ஜன்னல் விளிம்பிலும் சாப்பாட்டுப் பைகளுக்குள்ளும். யாரும் கூச்சல் போடவில்லை. பெரியக்கா மட்டும் உருளை இஸ்திரியின் சத்தத்தையும் மீறி, "இன்னும் அம்பது நிமிஷம் இருக்குடி தேதியம்மாவுக்கு, அவசரப்பட்டுப் போட்டுடுச்சு!" என்று கத்தினாள். கூடமே சிரித்தது. பாய்லர்காரர் அவள் அறை வாசலுக்கு வந்து, ஒரு தடவை தலையைத் தாழ்த்திவிட்டு, மளிகைக்கடைப் பக்கம் நடந்தார். தராசுக்காரர் ரிப்பேராகி வந்த தராசைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவையாக.

பலகையை அழிக்கத் துணியோடு போனாள். பிறகு மனம் வரவில்லை. நாளைக்குத் துணிக் கணக்கு எழுதும்போது அழித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். கழுத்தை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறினாள். தன் மேலேயே தனக்கு இவ்வளவு மதிப்பு வந்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தாள், கணக்கு வரவில்லை.

வீட்டில் மகள் கல்லூரிப் பாடத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பரீட்சைக் கட்டணம் கட்ட வேண்டும், பத்தாம் தேதி கடைசி நாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே அவள் தயங்கினாள். முப்பத்தைந்து பேருக்கு நின்று சொன்ன வாய்க்கு இந்த ஒருத்தியிடம் சொல்லக் கூசியது.

"எல்லாருக்கும் போட்டாச்சு. எனக்கு மட்டும் இன்னும் வரலடி," என்றாள். "எட்டாம் தேதி வரும்."

"எட்டா? சரிம்மா."

மகள் சுவர்க் காலண்டரில் எட்டாம் தேதிக் கட்டத்தில் பென்சிலால் 'பரீட்சை பணம்' என்று எழுதிவிட்டு, விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வழக்கமான நிறுத்தத்தில் இறங்கினாள். செருப்பைக் கழற்றினாள். மகள் கதவைத் திறந்து, டீ போட்டு வைத்திருப்பதாகச் சொன்னாள், மோட்டார் பம்பு மறுபடி ஓடவில்லை என்று சொன்னாள், தோழியின் நாய்க்குட்டியைப் பற்றி நெடுநேரம் சொன்னாள். வந்துச்சா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.